ஜப்பானிய மொழி கேட்டுப் பழக எந்தப் படம் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்-4 பாஸ் பண்ணிட்டேன். ஆனா படம் போட்டா ஒரு வரிகூடப் புரியலை. நான் இன்னும் படம் பார்க்கிற நிலைக்கு வரலையா?

வந்துவிட்டீர்கள். ஆனால் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜப்பானிய மொழியும் படத்தில் வருகிற மொழியும் வேகத்திலும் உருவத்திலும் வேறு. ஜே.எல்.பி.டி தேர்வை நடத்துபவர்களே என்-4 நிலைக்கு வைத்திருக்கும் அளவு, அன்றாட உரையாடலை மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வது என்பதுதான். இயல்பு வேகத்துக்கு நெருங்கிய பேச்சு என்-3இல்தான் வருகிறது. படத்தில் யாரும் நமக்காக மெதுவாகப் பேசுவதில்லை.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் சொற்கள் சுருங்குவது. பாடப்புத்தகத்தில் 'தபெதே ஷிமத்தா' என்று படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் அதை அப்படிச் சொல்பவர் அரிது. 'தபெச்சத்தா' என்பார்கள். தமிழில் இது நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. 'சாப்பிட்டுவிட்டேன்' என்று எழுதுகிறோம், 'சாப்பிட்டுட்டேன்' என்று சொல்கிறோம். 'விடு' என்ற துணைவினை செய்கிற வேலையைத்தான் அங்கே 'ஷிமாவு' செய்கிறது. இரண்டுமே பேச்சில் நசுங்கிப் போகின்றன. தமிழ் படிக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு 'சாப்பிட்டுட்டேன்' முதல் முறை காதில் விழும்போது எப்படி இருக்குமோ, அந்த நிலையில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள்.

இப்படிச் சுருங்குபவை எண்ணற்றவை இல்லை. முதலில் நாலைந்தை மட்டும் காதுக்குப் பழக்குங்கள். 'ஷிதே இரு' என்பது 'ஷிதெரு' ஆகும். 'தபெதே ஷிமாவு' என்பது 'தபெச்சாவு' ஆகும். 'இகனக்கெரெபா நரனாய்' என்ற நீண்ட சங்கிலி 'இகனக்யா' என்று பாதியிலேயே நின்றுவிடும். 'வகரனாய்' என்பது 'வகன்னாய்' ஆகும். 'தெவா நாய்' என்பது 'ஜானாய்' ஆகும். இவற்றோடு 'ஓ', 'வா' போன்ற வேற்றுமை உருபுகள் பேச்சில் காணாமல் போகும். 'புத்தகத்தைப் படிச்சியா' என்று சொல்லாமல் 'புத்தகம் படிச்சியா' என்று நாம் கேட்பதில்லையா, அதுபோலத்தான். இவ்வளவு தெரிந்த பிறகு அதே படத்தைப் போட்டால், முன்பு வெறும் ஓசையாக இருந்த வரிகளில் பாதி சொற்களாகப் பிரிந்து கேட்கும்.

ஒரு படம் எனக்கு ஏத்ததுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தின் தொடக்கத்தை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் இசை, இல்லையென்றால் கதைசொல்லியின் நிதானமான குரல். சுமார் 20 நிமிடம் தாண்டி, இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்கிற ஒரு காட்சியைப் பிடியுங்கள். 20 வரி வசனம் வருகிற அளவு போதும். முதலில் சப்டைட்டில் இல்லாமல் இரண்டு தடவை கேளுங்கள். எத்தனை வரி புரிந்தது என்று விரல்விட்டு எண்ணுங்கள். அப்புறம் ஜப்பானிய எழுத்திலேயே சப்டைட்டிலை வைத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படியுங்கள். இப்போது எத்தனை வரி புரிந்தது?

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். படித்தால் 15 வரிக்கு மேல் புரிகிறது, கேட்டால் 6 முதல் 10 வரிதான் புரிகிறது என்றால் அந்தப் படம் உங்களுக்கானது. சொல் தெரிந்திருக்கிறது, காதுதான் பிடிக்கவில்லை. கேட்கிற பயிற்சி பலன் தருவது இந்த நிலையில்தான்.

படித்தாலே 8 வரிதான் புரிகிறது என்றால் குறை காதில் இல்லை, சொல்வளத்தில். அந்தப் படத்தை ஆறு மாதம் கேட்டாலும் கேட்கும் திறன் அவ்வளவாக வளராது, ஏனென்றால் தெரியாத சொல்லைக் காதால் எத்தனை முறை கேட்டாலும் அது தெரியாத சொல்தான். அதைத் தள்ளிவையுங்கள். கேட்டே 18 வரி புரிகிறதா, அப்படியானால் அது சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்க வேண்டிய படம். பயிற்சிக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. நண்பர் சொன்னார், விருது வாங்கியது, படம் பிரமாதம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். படம் பிரமாதமாக இருக்கலாம், பேச்சே இல்லாமலும் இருக்கலாம். விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' டோக்கியோவின் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் கதை. நான் மிகவும் மதிக்கும் படம். ஆனால் அதன் நாயகன் வாயே திறக்காமல் நீண்ட நேரம் போகும். கேட்கும் பயிற்சிக்கு அதில் என்ன கிடைக்கும்?

சுத்தி வளைக்காம ஒரு படம் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கிறது?

'மை நெய்பர் டோட்டோரோ'. ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்தது, 86 நிமிடம். இரண்டு பெண் குழந்தைகளும் அப்பாவும் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், அம்மா மருத்துவமனையில் இருக்கிறார். கதை எளியது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் பேச்சு எப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாவது, பெரும்பாலான வசனம் கண்முன் இருக்கிற பொருளைப் பற்றியது. வீடு, கிணறு, ஏகோர்ன் கொட்டை, குடை, பேருந்து. பேசுவது ஒன்று, திரையில் தெரிவது வேறொன்று என்ற குழப்பம் குறைவு. இரண்டாவது, அப்பாவுக்குக் குரல் கொடுத்த ஷிகெசாதோ இதொய் தொழில்முறைக் குரல் நடிகர் இல்லை, விளம்பர வாசகம் எழுதுபவர். அதனால் அந்தக் குரலில் அனிமேக்கே உரிய ஏற்ற இறக்கம் கிடையாது. ஒரு சாதாரண அப்பா வீட்டில் பேசுவதுபோல இருக்கும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: முதல் சில நிமிடத்திலேயே வீட்டுப் பேச்சும் மரியாதைப் பேச்சும் அடுத்தடுத்து வந்துவிடும்.

பெயர்கள் ஓடி முடிந்ததும் சாமான் ஏற்றிய வண்டி போய்க்கொண்டிருக்கும். மூத்தவள் சத்சுகி அப்பாவிடம் மிட்டாய் நீட்டுகிறாள்: 'ஓதோசான், க்யாராமெரு.' ஒரு முழு வாக்கியம் இல்லை. கூப்பிட்டாள், பொருளின் பெயரைச் சொன்னாள், முடிந்தது. 'அப்பா, இந்தாங்க கேரமல்' என்பதில் 'இந்தாங்க'கூட இல்லை. அப்பா நன்றி சொல்லிவிட்டு 'குதபிரெதா காய்?' என்று கேட்கிறார். களைத்துப்போவதற்குப் பாடப்புத்தகம் சொல்லித்தருவது 'த்சுகரெரு'. இங்கே வருவது 'குதபிரெரு'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'காய்' பெரியவர்கள், அதிலும் ஆண்கள், சிறியவர்களிடம் கனிவாகக் கேட்கும்போது வருவது. இதை நீங்கள் உங்கள் மேலாளரிடம் திருப்பிச் சொல்லக் கூடாது, ஆனால் கேட்டால் புரிய வேண்டும்.

அதற்கு அவள் சொல்லும் பதில் கிட்டத்தட்ட ஒரு முனகல். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'உன்' என்று குறுக்கிச் சொன்னால் 'ஆமாம்'. 'உ..உன்' என்று இழுத்து நடுவில் குரல் இறங்கி ஏறினால் 'இல்லை'. அவள் சொல்வது இரண்டாவது. நம் 'ம்'முக்கும் 'ம்ஹும்'முக்கும் உள்ள தூரம்தான், ஆனால் தெரியாவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அப்பா 'மோ ஜிகி தா யோ' என்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் என்று அர்த்தம். புத்தகத்தில் இதற்கு 'மோ சுகு' என்று இருக்கும்.

கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தி, அந்த ஊர்ப் பையனிடம் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அப்பா விசாரிக்கிறார். கேட்பது சின்னப் பையனிடம், ஆனாலும் 'இரஷ்ஷைமசென் கா' என்ற உயர்ந்த மரியாதை வடிவம் வருகிறது. கேட்கப்படுவது அவன் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி என்பதால் அந்த மரியாதை. அப்புறம் வயலில் நிற்பவர்களைப் பார்த்து உரக்க, தான் குசகாபே என்றும் குடிவந்திருப்பதாகவும் சொல்லி வணக்கம் வைக்கிறார். அதுவரை 'காய்', 'தா யோ' என்று முடித்த அதே வாய், இப்போது 'தெசு', 'மசு' என்று முடிக்கிறது. ஒரே ஆள், ஒரே காலை, இரண்டு பேச்சு. இலக்கணப் புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவது இங்கே காதில் தானாக விழுகிறது.

ஓர் எச்சரிக்கை. தங்கை மெய் நான்கு வயதுக் குழந்தை, சில சொற்களைத் தப்பாகச் சொல்வாள். தலைப்பிரட்டைக்கு 'ஓதமஜகுஷி' என்பதை 'ஓஜமதகுஷி' என்பாள். மக்காச்சோளம் 'தோமொரொகோஷி', அதை 'தோமொகொரோஷி' ஆக்கிவிடுவாள். அகராதியில் தேடிக் கிடைக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேச்சில் நாட்டுப்புற வாடை இருக்கும். முதல் சுற்றில் பாட்டி வரும் இடங்களைப் பயிற்சிக்கு எடுக்காமல் விட்டுவிடலாம்.

படத்தை முழுசாப் பார்க்கணுமா, துண்டு துண்டாவா?

ஒருமுறை முழுசாகப் பாருங்கள், வேண்டுமென்றால் ஆங்கில சப்டைட்டிலோடு. கதை தெரிந்துவிட்டால் அடுத்து என்ன என்ற பரபரப்பு போய்விடும், காது பேச்சில் நிற்கும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடக் காட்சி போதும். இரண்டு நிமிடத்துக்கு 40 நிமிடம் ஆகும், அவ்வளவு வேலை இருக்கிறது.

சப்டைட்டிலை அணைத்துவிட்டு மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை, காதில் விழுந்ததை அப்படியே ஹிரகானாவில் எழுதுங்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓசையை எழுதுங்கள். பிறகு ஜப்பானிய சப்டைட்டிலைப் போட்டு உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். பிழைகள் மூன்று வகையாகத்தான் இருக்கும். ஒன்று, சொல்லே தெரியாது. மேலே சொன்ன காட்சியில் 'ஜிகி' அப்படிப்பட்டது. இரண்டு, சொல் தெரியும், சுருங்கி வந்ததால் அடையாளம் தெரியவில்லை. மூன்று, ஓசையையே தப்பாகக் கேட்டுவிட்டீர்கள்.

முதல் வகையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகருங்கள், அது சொல் படிக்கும் நேரத்தில் சேர வேண்டியது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் இன்றைய வேலை. அந்த வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, கூடவே அதே வேகத்தில் சொல்லிப் பாருங்கள். வாய் அந்த வேகத்துக்கு வந்துவிட்டால் காதுக்கு அது வேகமாகத் தெரியாது. மறுநாள் புதுக் காட்சிக்குப் போகும் முன், நேற்றைய காட்சியை சப்டைட்டில் இல்லாமல் ஒருமுறை கேளுங்கள். நேற்று நழுவிய வரி இன்று தானாகப் புரிந்தால் சரி. புரியவில்லை என்றால் அந்த ஒரு வரியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். சொல் எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள். குறைத்த வேகத்திலேயே பழகினால் இயல்பு வேகம் என்றைக்கும் வேகமாகவே கேட்கும்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் வைக்கலாமா, ஜப்பானியத்திலா?

பயிற்சி நேரத்தில் ஜப்பானியத்தில் மட்டும். ஆங்கில சப்டைட்டில் திரையில் இருந்தால் கண் அதைப் படித்துவிடும், காது வேலையை நிறுத்திவிடும். படம் முடிந்ததும் 'நிறையப் புரிந்தது' என்ற எண்ணம் வரும், ஆனால் புரிந்தது ஆங்கிலம். தவிர, ஜப்பானியமும் தமிழ்போல வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிற மொழி. ஆங்கிலம் வினையை முன்னாலேயே சொல்லிவிடும். கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்து அர்த்தம் பிடிப்பது தமிழருக்கு இயல்பாக இருக்கிற பழக்கம். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால் அந்த வசதி கெட்டுப்போகும்.

படத்தைத் தொடங்கும் முன் ஒலி, சப்டைட்டில் பட்டியலில் 日本語 என்று இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸில் உங்கள் ப்ரொஃபைலின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றினால், முன்பு காட்டாத ஜப்பானிய சப்டைட்டில் சில சமயம் பட்டியலில் வரும். கம்ப்யூட்டரில் க்ரோம் உலாவியில் பார்ப்பவர்கள் Language Reactor என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். வரி வரியாகப் பின்னால் போக முடியும், தெரியாத காஞ்சியின் மேல் சுட்டினால் பொருள் வரும். என்-4 நிலையில் சப்டைட்டிலில் வரும் காஞ்சியில் நிறையத் தெரியாது, அதனால் இந்த உதவி இல்லாமல் ஜப்பானிய சப்டைட்டில் சலிப்பூட்டும்.

ஹாலிவுட் படத்தோட ஜப்பானிய டப்பிங் பார்க்கலாமா? கதை ஏற்கெனவே தெரியுமே.

பார்க்கலாம். டப்பிங் கலைஞர்கள் தெளிவாகப் பேசுவார்கள், பின்னணி இரைச்சல் குரலை மூடாது, தொடக்க நிலைக்கு நல்லதுதான். ஒரே தொல்லை, அதன் ஜப்பானிய சப்டைட்டில் டப்பிங்கோடு பொருந்தாது. சப்டைட்டிலை ஒருவர் மொழிபெயர்த்திருப்பார், டப்பிங் வசனத்தை வாயசைவுக்கு ஏற்ப வேறொருவர் எழுதியிருப்பார். காதில் ஒன்று, கண்ணில் வேறொன்று. எழுதி ஒப்பிடும் பயிற்சிக்கு அது உதவாது.

அனிமே பார்த்துக் கத்துக்கிட்டு பேசினா ஜப்பான்காரங்க சங்கடப்படுவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

எந்த அனிமே என்பதைப் பொறுத்தது. சண்டைப் படங்களில் எதிரியைப் பார்த்து 'கிசமா', 'தெமே' என்று வருகிற சொற்களை அலுவலகத்தில் சொன்னால் சங்கடம் இல்லை, சண்டையே வரும். கிழவர் என்றால் 'வஷி' என்று ஆரம்பித்து 'ஜா' என்று முடிப்பதும் அப்படித்தான். டோக்கியோவில் எந்தத் தாத்தாவும் அப்படிப் பேசுவதில்லை. கதைப்பாத்திரம் இன்ன வகை என்று காட்டுவதற்கென்றே இருக்கிற இப்படிப்பட்ட பேச்சுக்கு ஜப்பானிய மொழியியலில் 'யகுவரிகோ' என்று பெயரே உண்டு.

மியாசாகி படம் என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. 1997இல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே' பழங்காலக் கதை. நாயகன் அஷிதகா எதிரில் இருப்பவரை 'சொனத்தா' என்று அழைப்பான். ராஜா காலத்துப் படத்தைப் பார்த்துத் தமிழ் பேசக் கற்றுக்கொள்வது மாதிரி ஆகிவிடும். இசாவோ தகாஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' மனதை உலுக்கும் படம், ஆனால் அதன் பேச்சு கோபே வட்டார வழக்கு. நீங்கள் படித்தது டோக்கியோ வழக்கு. வினைமுடிவுகளே மாறிவிடும். என்-3 தாண்டாமல் அதைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

பேச்சின் மட்டங்களைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி சொல்கிறேன். 2016இல் வந்த 'யுவர் நேம்' படத்தில், மலைக்கிராமத்துப் பெண் மித்சுஹா டோக்கியோ பையன் தாகியின் உடம்புக்குள் இருக்கிறாள். தாகியின் நண்பர்களிடம் பேசும்போது 'நான்' என்பதற்குத் தன் வழக்கப்படி 'வதஷி' என்கிறாள். அவர்கள் விழிக்கிறார்கள். இன்னும் மரியாதையாக 'வதகுஷி' என்கிறாள். அதற்கும் விழிக்கிறார்கள். 'போகு' என்கிறாள். கடைசியில் 'ஒரே' என்றதும்தான் அவர்கள் முகம் தெளிகிறது. நான்கு சொல்லுக்கும் அர்த்தம் ஒன்று, சொல்கிற ஆள்தான் வேறு. படத்தில் ஒரு வரி பிடித்துப்போய் அதைச் சொல்லிப் பழகும் முன், அதைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். 'அப்பா மகளிடம்', 'கடைக்காரர் வாடிக்கையாளரிடம்' என்று இரண்டு சொல் போதும்.

கார்ட்டூன் வேண்டாம். மனுஷங்க நடிச்ச படமா சொல்லுங்க.

யசுஜிரோ ஒசுவின் 'ஓஹாயோ', 1959. 'குட் மார்னிங்' என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். ஒசு படங்களில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுவார், குரல்மேல் குரல் ஏறாது. காட்சி அசையாமல் நிற்கும், வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருக்கும். கற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தப் படத்தின் கதையே பேச்சைப் பற்றியது. தொலைக்காட்சி வேண்டும் என்று அடம்பிடிக்கும் இரண்டு பையன்கள், 'வணக்கம், நல்ல வெயில்' என்று பெரியவர்கள் வெறுமனே பேசிக்கொண்டிருப்பதைக் கேலி செய்து, பேசாமலே இருக்கும் போராட்டத்தில் இறங்குகிறார்கள். முகமன் சொற்களும் அக்கம்பக்கத்துப் பேச்சும் மறுபடி மறுபடி வரும். கடைசியில் ரயில்நிலையத்தில் இரண்டு பேர் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பார்கள், சொற்கள் எல்லாம் என்-5 அளவு.

பழைய படம் என்பதால் ஒலி கொஞ்சம் மங்கல். பெண்கள் 'தா வா', 'னோ யோ' என்று வாக்கியத்தை முடிப்பது இன்றைய இளம்பெண்களிடம் குறைந்துவிட்டது. கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், அப்படியே பேச வேண்டாம்.

இன்றைய பேச்சு வேண்டுமென்றால் ஹிரொகாசு கொரே-எதா. ஆனால் அவருடைய படங்களை ஒரே வரிசையில் வைக்க முடியாது. கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்தில் குடும்பமே வாய்க்குள் முணுமுணுக்கும், சாப்பிட்டுக்கொண்டே பேசும், ஒருவர் வரியை மற்றவர் வெட்டுவார். அது நிஜ வாழ்க்கைக்கு மிக நெருக்கம், அதனாலேயே மிகக் கடினம். அதற்கு முன் 2015இல் அவர் எடுத்த 'அவர் லிட்டில் சிஸ்டர்' பாருங்கள். கமகுரா ஊரில் ஒரு பழைய வீட்டில் சகோதரிகள் நால்வர். மூத்த மூவருக்கும் புதிதாக வந்த தங்கை முதலில் மரியாதைப் பேச்சில் ஒதுங்கி நிற்பதையும், போகப்போக வீட்டுப் பேச்சுக்கு நெருங்குவதையும் காதாலேயே பின்தொடரலாம். என்-3 படிப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் படம் இதுதான்.

கேட்டதைத் தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்கலாமா? ஹிரகானா மெதுவாத்தான் வருது.

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் தமிழில் எழுதியிருப்பது நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள மட்டும். தமிழில் ஒரே 'க' இரண்டு ஓசைக்கும் நிற்கும். ஜப்பானியத்தில் அவை தனித்தனி எழுத்துகள். 'கக்கோ' என்று எழுதிவைத்தால், பள்ளிக்கூடத்துக்கு முதல் ஓசை 'கங்கை'யில் வருவதா, 'கண்'ணில் வருவதா என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. 'த', 'ப' இரண்டிலும் இதே சிக்கல். சொல்லின் முதலில் வரும்போது தமிழ்க் காது இதில் அதிகம் தடுமாறும்.

ஆனால் வேறிடத்தில் நமக்கு நல்ல வசதி இருக்கிறது. நெடில் குறில் வேறுபாடும் இரட்டிப்பும் தமிழுக்கு உயிர். 'படு, பாடு, பட்டு' மூன்றும் நமக்கு வேறு வேறு. 'ஓஜிசான்' மாமா, 'ஓஜீசான்' தாத்தா. 'கிதே' என்றால் 'வா', 'கித்தே' என்றால் தபால்தலை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மாதக்கணக்கில் போராடும் இந்த இடத்தைத் தமிழர்கள் சீக்கிரமே தாண்டுவதைப் பார்க்கிறேன். அதனால் எழுதி ஒப்பிடும்போது நெடில் பிழை வந்தால் அது கவனக்குறைவுதான், திருத்திவிட்டுப் போகலாம். 'க' ஓசைப் பிழை வந்தால் அந்த வரியை நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இதனால ஜே.எல்.பி.டி லிசனிங் மதிப்பெண் ஏறுமா?

ஏறும், ஆனால் படம் மட்டும் போதாது. தேர்வில் ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும், திரும்பக் கேட்க முடியாது, உதவிக்குக் காட்சியும் பெரும்பாலும் இல்லை. தேர்வுக்குக் கடைசி ஆறு வாரம் படப் பயிற்சியைப் பாதியாக்கிவிட்டு, பழைய மாதிரித் தாள்களை ஒரே ஓட்டமாகக் கேளுங்கள். வேலைக்கான நேர்காணல் மொழியும் அலுவலக மரியாதைப் பேச்சும் குடும்பப் படங்களில் மிகக் குறைவு, அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் இதே வழிதானா?

20 வரிச் சோதனையும் எழுதி ஒப்பிடுவதும் அப்படியே பொருந்தும். படம் தேர்வு செய்யும் கண் மட்டும் மாற வேண்டும். ஆங்கிலத்தில் நம்மில் பலருக்குப் படிக்க வரும், பதில் சொல்ல வராது. அதனால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் வாதிடுகிற, மறுக்கிற, ஒப்புக்கொள்கிற படமாக இருக்க வேண்டும். கார் துரத்தும் படத்தில் அது கிடைக்காது. சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்', 1957, 96 நிமிடம், ஏறத்தாழ முழுவதும் ஒரே அறை. பன்னிரண்டு பேர் ஒரு பையன் குற்றவாளியா என்று விவாதிக்கிறார்கள். பேச்சைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. ஒருவரை மரியாதையாக மறுப்பது எப்படி, கோபமாக மறுப்பது எப்படி என்று இரண்டும் பக்கத்திலேயே வரும்.

சொல்வளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுப்படி, அடிப்படையான 3,000 சொற்குடும்பங்களோடு ஆள், இடம் போன்றவற்றின் சிறப்புப் பெயர்களும் தெரிந்தால் ஆங்கிலப் படங்களில் வரும் சொற்களில் சுமார் 95 சதவீதம் தெரிந்ததாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் பலர் அதன் அருகில் இருப்பார்கள்.

காதில் கவனிக்க வேண்டியது வேறு. ஜப்பானியத்தில் ஒவ்வொரு ஹிரகானா எழுத்துக்கும் ஏறக்குறைய சம நீளம், தமிழ்க் காதுக்கு அது ஒத்துவரும். ஆங்கிலத்தில் முக்கியமான சொல் மட்டும் அழுந்தும், மற்றவை கரையும். 'குட் ஹேவ்' என்று நாம் இரண்டு சொல்லாகச் சொல்வது அங்கே 'குடவ்' என்று ஒன்றாகிவிடும். எழுதி ஒப்பிடும்போது விடுபடுபவை எப்போதும் இந்தச் சின்னச் சொற்கள்தான். அவற்றை அடிக்கோடிட்டுவிட்டு, அந்த வரியை நடிகர் எங்கே அழுத்துகிறாரோ அங்கே மட்டும் அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். ஒரு காட்சியில் நான்கைந்து வரி வந்தாலே போதும், மறுநாள் அடுத்த காட்சிக்குப் போகலாம்.